மாதம் பதினைந்தாயிரம் மிச்சம்: வீட்டுக் கடனை அடைப்பதா, முதலீடு செய்வதா?

"எனக்கு 36 வயது, கோயம்புத்தூரில் தனியார் வேலை. சம்பளம் கைக்கு வருவது 1,08,000 ரூபாய். வீட்டுக் கடன் பாக்கி 40 லட்சம், மாறும் வட்டி இப்போது 8 சதவீதம், இன்னும் 20 வருஷம், இஎம்ஐ 33,458. வீட்டுச் செலவு 60,000 போக மாதம் சுமார் 15,000 மிஞ்சுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை போனஸ் ஒரு லட்சம். எஃப்டியில் 2 லட்சம் இருக்கிறது. மனைவி வேலைக்குப் போகவில்லை, மகளுக்கு 6 வயது. புதிய வரி முறையில் இருக்கிறேன். அப்பா 'கடனை முதலில் முடி, வட்டியே 22 லட்சம் மிச்சம்' என்கிறார். ஆபீஸ் நண்பர் 'மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் எஸ்ஐபி போடு, ஒன்றரைக் கோடி வரும்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

நான் ஒரு வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பதினாறு வருஷம் இருந்தவன். இரண்டு பக்கமும் சொல்லப்படும் எண்களை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா சொன்ன 22 லட்சமும் சரியான கணக்குத்தான், நண்பர் சொன்ன ஒன்றரைக் கோடியும் சரியான கணக்குத்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அப்பாவின் எண் பத்து வருஷத்தில் நின்றுவிடுகிறது; அதற்குப் பிறகு இஎம்ஐ இல்லாமல் உங்கள் கையில் தங்கும் பணம் என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. நண்பரின் எண் வருஷா வருஷம் 12 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. வரியும் அதில் இல்லை. முதலில் இந்த இரண்டையும் ஒரே தராசில் ஏற்றிவிடுவோம்.

40 லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 26,667 ரூபாய். நீங்கள் கட்டும் 33,458இல் அசலுக்குப் போவது 6,791 மட்டுமே. இஎம்ஐயோடு கூடுதலாக 15,000 கட்டினால் அது முழுக்க அசலில் கழியும். இப்படி மாதா மாதம் 48,458 கட்டிக்கொண்டே வந்தால் கடன் எத்தனை மாதத்தில் முடியும் என்பதை நீங்களே எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ பார்க்கலாம்:

```
=NPER(8%/12, -48458, 4000000)
```

விடை 120.28. அதாவது 20 வருஷக் கடன் பத்து வருஷத்தில் முடிகிறது. முழு 20 வருஷமும் கட்டினால் மொத்த வட்டி சுமார் 40.3 லட்சம், இப்படிக் கட்டினால் 18.3 லட்சம். வித்தியாசம் 22 லட்சம். அப்பாவின் எண் இங்கிருந்துதான் வருகிறது.

இப்போது நியாயமான ஒப்பீடு. முதல் வழியில் பத்து வருஷம் கடனை வேகமாக அடைக்கிறீர்கள்; பிறகு மிஞ்சும் 48,458 முழுவதையும் அடுத்த பத்து வருஷம் முதலீடு செய்கிறீர்கள். இரண்டாவது வழியில் இஎம்ஐயை அது பாட்டுக்குக் கட்டிக்கொண்டு, 15,000ஐ இருபது வருஷமும் முதலீடு செய்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் பையிலிருந்து மாதம் போவது அதே 48,458. இரண்டிலும் 56 வயதில் கடன் இருக்காது. கையில் எவ்வளவு இருக்கும் என்பது மட்டும்தான் கேள்வி.

முதலீட்டில் வருஷம் 8 சதவீதம் கிடைத்தால் இரண்டு வழியிலும் ஏறக்குறைய 88 லட்சம், சமம். 6 சதவீதம்தான் கிடைத்தது என்றால் கடனை அடைத்தவரிடம் 79 லட்சம் இருக்கும், அடைக்காதவரிடம் 69 லட்சம். 10 சதவீதம் கிடைத்தால் நிலைமை திரும்புகிறது: அடைத்தவரிடம் 99 லட்சம், முதலீடு செய்தவரிடம் 1.14 கோடி. 12 சதவீதத்தில் 1.11 கோடியும் 1.48 கோடியும். உங்கள் நண்பர் சொன்னது இந்தக் கடைசி எண். அதற்கு எதிரே நிற்கும் 1.11 கோடியை அவர் சொல்லவில்லை.

இதில் வரியையும் கழிக்க வேண்டும். பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், அந்த வருஷத்து லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். எல்லாவற்றையும் கடைசியில் ஒரே வருஷத்தில் விற்பதாக வைத்துக்கொண்டால், 10 சதவீத வளர்ச்சியில் முதலீட்டு வழியின் கூடுதல் லாபம் 15 லட்சத்திலிருந்து சுமார் 10 லட்சமாகிறது. 12 சதவீத வளர்ச்சியில் 37 லட்சம் என்பது 30 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்குகிறது. இருபது வருஷம் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்கான கூலி இந்த 10 லட்சமோ 30 லட்சமோதான். ஒன்றரைக் கோடி அல்ல. சின்னத் தொகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்கும்போது கண் முன்னால் இருக்க வேண்டிய தொகை இது.

கணக்கின் நடுவில் நிற்கும் விதி எளிமையானது: கடனில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் கடன் வட்டி விகிதத்தில், உறுதியாக, வரியில்லாமல் வளர்கிறது. உங்களுக்கு அது 8 சதவீதம். "முதல் சில வருஷம் கட்டினால்தான் லாபம், கடைசியில் கட்டிப் பிரயோஜனமில்லை" என்று ஒரு பேச்சு உண்டு. கிளையில் வாரத்துக்கு நாலு பேர் என்னிடம் சொல்வார்கள். அது சரியல்ல. இன்று கட்டும் 15,000 இருபது வருஷத்துக்கு 8 சதவீதம் சம்பாதித்துத் தருகிறது, பதினைந்தாவது வருஷம் கட்டும் 15,000 ஐந்து வருஷத்துக்குத் தருகிறது. விகிதம் ஒன்றுதான், காலம்தான் வேறு.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் சில மாற்று வழிகள் உடனே விழுந்துவிடும். நீங்கள் 15 சதவீத வரி அடுக்கில் வருகிறீர்கள். எஃப்டியோ ஆர்டியோ 6.5 சதவீதம் தந்தால் வரி போக மிஞ்சுவது 5.5 சதவீதம். பிபிஎஃப் வரியில்லாமல் 7.1 தருகிறது; நல்ல திட்டம்தான், ஆனால் 8க்குக் கீழே, பதினைந்து வருஷப் பூட்டும் உண்டு. உங்கள் பிஎஃப் கணக்கில் விருப்பத்தின் பேரில் கூடுதலாகப் போடும் பணத்துக்கு 2024-25இல் 8.25 சதவீதம் அறிவித்தார்கள். உங்கள் பங்கு வருஷத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டாதவரை அந்த வட்டிக்கு வரி இல்லை. உறுதியான திட்டங்களில் உங்கள் கடனுக்குத் தோளுக்குத் தோள் நிற்பவற்றில் இது ஒன்று. ஆனால் நினைத்த நேரத்தில் எடுக்கிற பணமல்ல. ஆக, 15,000ஐ எஃப்டியிலோ சேமிப்பு இன்சூரன்ஸ் பாலிசியிலோ போடும் எண்ணம் இருந்தால் வாதமே வேண்டாம், கடனை அடையுங்கள். கடனை நன்றாகத் தாண்டிப் போகும் வாய்ப்புள்ளது பங்குச் சந்தை முதலீடு மட்டுமே, அதுவும் பத்து வருஷத்துக்குக் குறையாமல் நிற்பவருக்கு.

பழைய வரி முறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு சிறு கிளைக் கதை. தானே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் வருஷம் 2 லட்சம் வரை அங்கே கழிவு உண்டு. "வரிச் சலுகை போய்விடும், அதனால் அடைக்காதே" என்று சொல்வார்கள். உங்கள் அளவு கடனில் முதல் வருஷ வட்டி 3.17 லட்சம். 2 லட்சத்துக்கு மேலான 1.17 லட்சத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை. முன்கூட்டி அடைக்கும்போது முதலில் குறைவது அந்தப் பகுதிதான். பாக்கி சுமார் 25 லட்சத்துக்கு இறங்கும்போது வருஷ வட்டி 2 லட்சத்தைத் தொடும். அதுவரை அடைப்பதில் முழு 8 சதவீதமும் லாபம். அதற்குக் கீழே, 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்குக் கடனின் உண்மையான விலை சுமார் 5.5 சதவீதம்தான்; அங்கே அவசரப்பட்டு அடைக்கத் தேவையில்லை. கணவன் மனைவி இருவரும் வீட்டுக்கும் கடனுக்கும் பங்குதாரர்களாக இருந்து இருவரும் வரி கட்டினால் ஆளுக்கு 2 லட்சம் என்பதால் அந்த எல்லை 50 லட்சமாகும். புதிய முறையில் சொந்தக் குடியிருப்புக்கு இந்தக் கழிவு கிடையாது என்பதால் உங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சதவீதத்தைவிட உங்கள் வீட்டுக்கு இது பெரிது.

கடனில் கூடுதலாகக் கட்டிய பணம் திரும்பி வராது. அதைவிட மோசம், அடுத்த மாத இஎம்ஐயிலும் அது கழிக்கப்படாது. நிறையப் பேர் "மூன்று லட்சம் கூடுதலாகக் கட்டியிருக்கிறேனே, கஷ்டம் வந்தால் சில மாதம் இஎம்ஐ கட்டாமல் இருக்கலாம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடியாது. கூடுதல் பணம் கடனின் வால் பகுதியை வெட்டுகிறது. தலைப்பக்கம் அப்படியே இருக்கும்.

உங்கள் கணக்கிலேயே பாருங்கள். ஐந்து வருஷம் மாதம் 15,000 கூடுதலாகக் கட்டி, மொத்தம் 9 லட்சம் போட்டுவிட்டீர்கள். பாக்கி 35 லட்சமாக இருந்திருக்க வேண்டியது 24 லட்சமாக இருக்கிறது. அந்த மாதம் வேலை போகிறது. அடுத்த ஐந்தாம் தேதி வங்கி கேட்பது என்னவோ அதே 33,458தான். அதே 15,000ஐ ஒரு சாதாரண 6 சதவீதத் திட்டத்தில் போட்டிருந்தால் கையில் சுமார் 10.5 லட்சம் இருக்கும். முப்பது மாத இஎம்ஐக்கு அது தாங்கும். காகிதத்தில் கடனை அடைத்தவர் பணக்காரர். அந்த மாதத்தில் தப்பிப்பவர் மற்றவர். எங்கள் கிளைக்கு வந்த ஒருவர், போனஸ் போனஸாகச் சேர்த்து 8 லட்சம் வரை கடனில் கட்டியவர், அவருடைய அம்மாவின் ஆபரேஷனுக்கு 14 சதவீதத்தில் தனிநபர் கடன் எடுத்தார். வீட்டுக் கடனில் 8 லட்சத்தைக் குறைத்துவிட்டு, அதைவிட எவ்வளவோ அதிக வட்டியில் புதுக் கடன். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. வரிசையைத்தான் மாற்றிவிட்டார்.

அதனால் உங்கள் வரிசையில் முதலில் நிற்க வேண்டியது கடனும் அல்ல, எஸ்ஐபியும் அல்ல. வீட்டுச் செலவும் இஎம்ஐயும் சேர்த்து மாதம் 93,500. ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு, ஆறு மாதத்துக்கு 5.6 லட்சம் வேண்டும். கையில் 2 லட்சம்தான் இருக்கிறது. மீதி 3.6 லட்சத்துக்கு மாதம் 15,000மும் ஒரு போனஸும் போட்டால் ஒன்றரை வருஷம் ஆகும். அந்த ஒன்றரை வருஷம் 8 சதவீதத்துக்குக் கீழேதான் பணம் நிற்கும், அதனால் சில ஆயிரம் ரூபாய் இழப்பீர்கள். பரவாயில்லை. கடன் தொகைக்குக் குறையாத டெர்ம் இன்சூரன்ஸும், கம்பெனி தருவதற்கு வெளியே உங்கள் குடும்பத்துக்கென ஒரு மருத்துவக் காப்பீடும் இல்லையென்றால் அதற்கான பிரீமியமும் இந்த 15,000இலிருந்துதான் முதலில் போக வேண்டும். கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் ஏதாவது இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அது.

இந்த இடத்தில் வங்கியில் பலரும் கேட்காத ஒரு தேர்வைச் சொல்கிறேன். கூடுதல் தொகை கட்டும்போது "காலத்தைக் குறைக்கவா, இஎம்ஐயைக் குறைக்கவா" என்று இரண்டு வழி உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் காலத்தைத்தான் குறைப்பார்கள். இணையத்தில் எல்லோரும் "காலத்தைக் குறை, அதில்தான் வட்டி மிச்சம்" என்பார்கள். இஎம்ஐயைக் குறைத்துவிட்டு, குறைந்த பணத்தை நீங்கள் செலவழித்தால்தான் அது உண்மை. இஎம்ஐ குறைந்த பிறகும் மொத்தமாக அதே 48,458ஐ நீங்களாகவே கட்டிக்கொண்டு வந்தால் கடன் அதே 120 மாதத்தில்தான் முடியும், வட்டியும் அதேதான். வங்கிக்கு எந்தப் பெயரில் கட்டினீர்கள் என்பது வட்டிக் கணக்கைப் பாதிக்காது.

வித்தியாசம் கஷ்ட காலத்தில் தெரியும். மேலே சொன்ன ஐந்தாவது வருஷத்தில், பாக்கி 24 லட்சம், மீதி 15 வருஷம் என்று வைத்து இஎம்ஐ குறைக்கப்பட்டிருந்தால் கட்டாயமாகக் கட்ட வேண்டியது சுமார் 22,900 மட்டுமே. 33,458க்கும் அதற்கும் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம், அதுவும் வருமானம் இல்லாத மாதத்தில். ஒரு சிரமம் உண்டு: ஒவ்வொரு முறையும் இஎம்ஐயை மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், சில வங்கிகள் மாதா மாதம் மாற்றித் தர மாட்டார்கள். அதனால் மாதா மாதம் கட்டாமல், ஆறு மாதத் தொகையைச் சேர்த்து ஒரே முறையாகக் கட்டி அப்போது இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லுங்கள். இடையில் பணம் சேமிப்பில் நிற்பதால் இழக்கும் வட்டி சொற்பம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைப்பதற்கான அபராதத்தை ரிசர்வ் வங்கி 2012இலேயே நிறுத்திவிட்டது; யாராவது கேட்டால் எழுத்தில் கேளுங்கள். நிலையான வட்டிக் கடனுக்கு விதிகள் வேறு, ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

கடனை அடைத்ததுபோலவும் இருக்க வேண்டும், வேண்டும்போது எடுக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் இருக்கிறது. ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெய்ன் பலருக்கும் தெரிந்த பெயர். மிச்சப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டால் அன்றிலிருந்தே அந்த அளவுக்கு வட்டி ஓடாது, தேவை வந்தால் எடுத்துக்கொள்ளலாம். இந்த வகைக்கு வட்டி கொஞ்சம் கூடுதலாக இருப்பது வழக்கம். கால் சதவீதம் கூடுதல் என்று வைத்தால் உங்கள் 40 லட்சத்துக்கு வருஷம் 10,000 ரூபாய். கணக்கில் எப்போதும் ஒன்றேகால் லட்சமாவது நின்றால்தான் அது சரிக்கட்டும். புதிதாகக் கடன் வாங்குபவராக இருந்தால் உங்களுக்கு இதையே முதலில் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அவசரப் பணமும் அங்கேயே 8 சதவீதத்தில் உழைக்கும். இப்போது மாறுவதானால் மறுபடி சட்டக் கருத்து, பதிவுச் செலவு என்று போகும்; அந்தச் செலவைக் கேட்டறிந்த பிறகு யோசியுங்கள்.

அடுத்து, நண்பர் பக்கத்தின் பலவீனம். அது சந்தையில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. 2008 ஜனவரியில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 6,200ஐத் தாண்டியது. அதே வருஷம் அக்டோபரில் 2,600க்குக் கீழே இருந்தது. அந்தப் பழைய உயரத்தைத் தாண்டி நிலையாக நிற்க அதற்கு 2013 கடைசி, 2014 வரை ஆயிற்று. அந்த ஆறு வருஷமும் மாதா மாதம் விடாமல் போட்டவர்கள் குறைந்த விலையில் நிறைய யூனிட் வாங்கி நன்றாகவே வந்தார்கள். ஆனால் நான் பார்த்தவர்களில் பலர் முதல் சரிவிலேயே எஸ்ஐபியை நிறுத்தினார்கள், மிஞ்சியதை எடுத்து எஃப்டியில் போட்டார்கள். 10 சதவீதக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்குக் கிடைத்தது 6க்கும் கீழே. அப்படிப்பட்டவருக்குக் கடனை அடைப்பதே லாபம், மேலே உள்ள 79 லட்சமும் 69 லட்சமும் அதைத்தான் சொல்கின்றன.

நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள உங்கள் வங்கி அறிக்கையே போதும். கடந்த மூன்று வருஷத்தில் ஆர்டி, சீட்டு, எஸ்ஐபி எதையாவது தொடங்கி எத்தனை மாதம் விடாமல் கட்டினீர்கள்? "மிச்சம் 15,000" என்று சொல்கிறீர்கள். அது ஒவ்வொரு மாதமும் முப்பதாம் தேதி உண்மையிலேயே கணக்கில் நிற்கிறதா? ஒரு வருஷத்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நிற்கவில்லை என்றால், ஒப்பிட வேண்டியது 8 சதவீதத்தையும் 10 சதவீதத்தையும் அல்ல. 8 சதவீதத்தையும் செலவாகிப்போன பணத்தையும். அப்போது உங்கள் அப்பாவின் பேச்சு சந்தேகமில்லாமல் சரி.

அப்பாவின் பேச்சுக்கு இன்னொரு பலம் இருக்கிறது, அவர் சொல்லாமல் விட்டது. இன்றே தொடங்கி முழு 15,000ஐயும் கடனில் கட்டினால் கடன் முடியும்போது உங்களுக்கு 46, மகளுக்கு 16. கல்லூரிச் செலவு வாசலில் நிற்கும் நேரத்தில் மாதம் 48,458 விடுதலையாகிறது. சந்தை அந்த வருஷம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பணம் கிடைக்கும் என்று என்னால் ஏறக்குறைய மாதத்தோடு சொல்ல முடியும்.

இதையெல்லாம் வைத்து, உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒன்றரை வருஷம் அவசரப் பணத்தைச் சேர்த்த பிறகு 15,000ஐச் சரிபாதியாகப் பிரிப்பேன். 7,500 கடனுக்கு, 7,500 குறைந்த செலவுள்ள ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பத்து வருஷம் இப்படி ஓடினால் (இன்றைய 40 லட்சத்திலிருந்தே கணக்குப் போட்டால்) கடன் பாக்கி சுமார் 13.9 லட்சம் இருக்கும். ஃபண்ட் 10 சதவீதம் வளர்ந்திருந்தால் 15.4 லட்சம், வரி போக 14.7 லட்சம். அதாவது மகள் பள்ளி முடிக்கும் காலத்தில், விரும்பினால் ஃபண்டை விற்றுக் கடனை அன்றே முடிக்கலாம். விரும்பினால் அதையே கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு கடனை அதன் போக்கில் விடலாம். சந்தை நன்றாக இருந்தால் இரண்டையும் தொடரலாம். சந்தை மோசமாகி 6 சதவீதம்தான் வளர்ந்தது என்றால் 12.3 லட்சம், வரி போக சுமார் 12 லட்சம் இருக்கும், கடனை முழுதாக முடிக்க சுமார் 1.8 லட்சம் குறையும். தாங்கக்கூடிய குறைதான். முழுப் பணத்தையும் ஒரே பக்கம் போட்டிருந்தால் அந்தத் தேர்வு அன்று உங்கள் கையில் இருக்காது.

இந்தப் பங்கீடு வட்டியைப் பொறுத்து மாறும். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது, பலருடைய கடன் காலம் அவர்களுக்குத் தெரியாமலேயே வருஷக் கணக்கில் நீண்டது. பிறகு 2025இல் படிப்படியாக 5.25 வரை இறங்கியது. உங்கள் கடன் வட்டி 9.5க்கு ஏறினால் முழு 15,000ஐயும் கடனுக்குத் திருப்புங்கள். அந்த உறுதியான வருமானத்தை வரி போகத் தாண்ட சந்தை நிறைய ஓட வேண்டும். 7.5க்கு இறங்கினால் இஎம்ஐயைக் குறைக்காமல் அப்படியே கட்டிக்கொண்டு, கூடுதலில் பெரும்பகுதியை ஃபண்டுக்கு விடலாம்.

இதற்கெல்லாம் முன்னால், அடுத்த வாரமே, கிளைக்குப் போய் இரண்டு விஷயம் கேளுங்கள். உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததா, அதற்கு மேல் உங்களுக்கு வைத்திருக்கும் கூடுதல் விகிதம் எவ்வளவு. இன்று புதிதாகக் கடன் வாங்குபவருக்கு எவ்வளவு. 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் பலவும், ஒவ்வொரு வங்கியும் தன் நிதிச் செலவை வைத்து வட்டியை நிர்ணயிக்கும் பழைய எம்சிஎல்ஆர் முறையிலேயே கிடக்கின்றன. புதியவருக்குத் தரும் விகிதம் உங்களுடையதைவிட அரை சதவீதம் குறைவு என்றால், சிறு கட்டணம் கட்டி மாறிக்கொள்வதிலேயே முதல் வருஷம் 20,000 ரூபாய்க்கு அருகில் மிஞ்சும். பதினைந்தாயிரத்தை எங்கே போடுவது என்று யோசிக்கும் பலர் இந்த இருபதாயிரத்தைக் கேட்டு வாங்குவதே இல்லை.

முதல் கூடுதல் தொகையைக் கட்டிய மறு மாதம் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கட்டிய தேதியிலேயே அசல் பாக்கி அந்த அளவு குறைந்திருக்க வேண்டும். அடுத்த மாத வட்டி, பாக்கி அசலை 8 சதவீதத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்த தொகைக்கு அருகில் இருக்க வேண்டும். 45,000 கட்டியிருந்தால் வட்டியில் 300 ரூபாய் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் உங்கள் பணத்தை அசலில் கழிக்காமல் முன்பண இஎம்ஐயாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் வேலை பார்த்த இடத்திலேயே இது நடந்திருக்கிறது, வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் சரிசெய்யப்பட்டது. "அசல் பகுதித் தொகை" என்று தெளிவாக எழுதிக் கொடுத்து, ரசீதிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.